லிஃப்ட் அக்கா வராத கூட்டம்

லிஃப்ட் நின்றுபோனால் அந்த வட்டாரத்தில் பாதிக் கட்டடங்களிலிருந்து போன் போவது லிஃப்ட் அக்காவுக்குத்தான். அவள் மெக்கானிக் இல்லை. ஸ்பேனரைக் கையால் தொட்டதுகூட இல்லை. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் வாடிக்கையாளர்களோடு பேசுவதுதான் அவள் வேலை. எந்தக் கட்டடத்தில் கதவு மூட மறுக்கிறது, எந்த மெக்கானிக் இப்போது எங்கே இருக்கிறான், யாரை முதலில் அனுப்புவது என்பதெல்லாம் அவள் விரல்நுனியில் இருந்தது. நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களிடம் ஆள் வந்து சேரும்வரை போனில் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பதும் அவள்தான். பிள்ளை என்ன படிக்கிறான், இன்றைக்கு என்ன சமையல் என்று விசாரிப்பாள். கதவு திறந்ததும் எதிர்முனைக்காரர் நன்றிகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டு ஓடுவார். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் பயிற்சியாளராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு வந்தது, ஆனால் நின்று நின்று, ஒவ்வொரு சொல்லையும் ரிவர்ஸ் கியரில் எடுத்து நிறுத்துவதுபோல வந்தது. ஒரே மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். பகலில் கணவரைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வருவார். அந்த அம்மாள் வந்து செருப்பைக் கழற்றும் நேரமும் அக்கா செருப்பை மாட்டும் நேரமும் ஒன்றாக இருக்கும். அந்த நூலிழையில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை அந்த இழை அறுந்தது.

அன்று காலை பதினொரு மணிக்கு அவளுக்கு ஒரு கூட்டம் இருந்தது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் மையம் ஒன்று, பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இயங்கிவந்தது. அங்கே வருகிறவர்களில் பலருக்குப் படியேறத் தெம்பு இருக்காது. வரும்போதாவது பரவாயில்லை, நாலு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு இறங்கும்போது சிலருக்குத் தலை சுற்றும். அந்தக் கட்டடத்து லிஃப்ட்டின் கம்பிக் கயிறுகள் தேய ஆரம்பித்திருந்தன. உடனடி ஆபத்து இல்லை, ஆனால் இந்த மாதத்துக்குள் எல்லாக் கயிற்றையும் மொத்தமாக மாற்றியே ஆகவேண்டும் என்று மூத்த மெக்கானிக் எழுதிக் கொடுத்திருந்தார். மாற்றும் நாளில் லிஃப்ட் ஓடாது. எந்த நாளில் நிறுத்துவது, நோயாளிகளுக்கு என்ன ஏற்பாடு என்று முடிவுசெய்யத்தான் கூட்டம். கீழ்த்தளத்திலிருந்த காலி அறைக்குக் கட்டட உரிமையாளர் வருவதாக இருந்தார். மையத்தின் தலைமை நர்ஸுக்குத் திங்கட்கிழமை வார விடுமுறை. மற்ற நாளில் நகர முடியாது என்பதால், விடுமுறை நாளிலேயே வந்துவிடுவதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார்.

காலையில் உதவிக்கார அம்மாளிடமிருந்து செய்தி வந்தது: பேரனுக்குக் காய்ச்சல், இன்றைக்கு வர முடியாது. அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். கணவரைக் குளிக்கவைத்து, சாப்பாடு கொடுத்து, கீழ்வீட்டுத் தையல்காரரைக் கொஞ்சநேரம் எட்டிப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினால், ஓடிப் பிடித்துவிடலாம். தாமதமாகலாம் என்று குளியல் முடிந்ததும் ஒரு செய்தி போட்டுக்கொள்ளலாம் என்று போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

குளியலறை நாற்காலியிலிருந்து எழும்போது அவருடைய நல்ல கால் சறுக்கியது. அவள் இடுப்பைப் பிடித்தாள். பிடித்ததால் தலை சுவரில் மோதவில்லை, ஆனால் இருவரும் சேர்ந்து ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவருடைய மொத்தக் கனமும் அவள் மடியில் கிடந்தது. இரண்டு முறை தூக்கிப் பார்த்தாள். இரண்டு முறையும் கீழே நழுவினார். கையை எடுத்தால் சாய்ந்துவிடுவார் என்ற பயத்தில் அவளால் போன் இருக்கும் இடம்வரைகூடப் போக முடியவில்லை.

பிறகு அவர் மெதுவாகச் சொற்களைக் கூட்டினார்.

“ஊருக்கெல்லாம்... லிஃப்ட் விடுற. வீட்டுல... ஒண்ணு போட்டிருக்கக் கூடாதா?”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எதையும் முழுதாகச் செய்ய நேரமில்லை. வாளியைக் குவளையால் தட்டத் தொடங்கினாள். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு என்ன சத்தம் என்று மேலே வர வெகுநேரம் பிடித்தது. அவரும் அவளுமாகத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். இடுப்பு வலிக்கிறது என்று கணவர் சொன்னதால் ஆம்புலன்ஸை அழைத்தார் தையல்காரர். எலும்பு முறிந்திருக்கிறதா என்று படம் எடுக்க வரிசையில் காத்திருந்து, முறிவு ஒன்றும் இல்லை, சதைப்பிடிப்புதான் என்று டாக்டர் சொல்லக் கேட்டு வீடு திரும்பியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. போன் மேசையிலேயே கிடந்தது. தலைமை நர்ஸ் மூன்று முறை அழைத்திருந்தார். உரிமையாளரும் மானேஜரும் எத்தனை முறை அழைத்தார்கள் என்று அவள் எண்ணவில்லை.

கூட்டத்துக்குப் போக முடியாமல் போனதுகூட அவளை அவ்வளவு உறுத்தவில்லை. மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை நேரத்தில், தையல்காரரின் போனை ஒரு நிமிடம் வாங்கி ஆபீசுக்குச் சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு கூட்டம் இருந்தது என்பதே அவள் நினைவில் இல்லை. அதுதான் உறுத்தியது.

முதலில் தலைமை நர்ஸை அழைத்தாள். எடுக்கவில்லை. உரிமையாளர் மணி அடித்த உடனேயே துண்டித்துவிட்டார். மானேஜர் மட்டும் எடுத்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, கணவருக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று உண்மையான அக்கறையோடுதான் விசாரித்தார். பிறகு கம்பெனி மானேஜராக மாறினார். உரிமையாளர் தன்னிடம் எகிறியதாகவும், வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதாகவும், போனில் சமாதானம் செய்யப் போனால் வார்த்தை தடிக்கும் என்பதால் ஈமெயில் போட்டுவிடுவதே மேல் என்றும் சொன்னார்.

“ஆனா வீட்டு விஷயத்தையெல்லாம் எழுத வேணாம்மா. நம்ம மெக்கானிக்குக்குத் திடீர்னு உடம்பு முடியல, அதனால கூட்டம் நடக்கலன்னு போட்டுரு. ஒரே ஆளை நம்பித்தான் நம்ம கம்பெனி ஓடுதுன்னு அவங்க நினைச்சிடக் கூடாது பாரு.”

“அடுத்த தடவை அவரைக் கூட்டிட்டுப் போனா, உடம்பு எப்படி இருக்குன்னு அந்த நர்ஸம்மா கேப்பாங்களே சார். அவங்க நர்ஸு. என்ன மாத்திரை சாப்பிட்டீங்கன்னும் கேப்பாங்க.”

மானேஜர் யோசித்தார். மெக்கானிக் பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்பது அவருக்கும் தெரியும். சரி, உன் இஷ்டம், ஆனால் அனுப்புவதில் எனக்கும் ஒரு பிரதி போடு என்று வைத்துவிட்டார்.

கணவர் மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தாள். கை தானாக எழுதியது. உதவிக்கார அம்மாள் வராதது, குளியலறை, ஈரத்தரை, வாளியைத் தட்டியது, ஆம்புலன்ஸ், கணவருக்கு நோய் வந்த நாளிலிருந்து அவள் பட்டுவரும் பாடு எல்லாம் திரையில் இறங்கின. இதுவரை யாரிடமும் அதை இவ்வளவு கோர்வையாக அவள் சொன்னதில்லை. எழுதி முடித்தபோது நெஞ்சு கொஞ்சம் லேசானது.

பிறகு அந்த நர்ஸின் கண்ணால் அதைப் படித்துப் பார்த்தாள். விடுமுறை நாளில் குளித்துக் கிளம்பி வந்து, ஒரு காலி அறையில் உட்கார்ந்து, மூன்று முறை போன் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போன ஒருத்தி இதைப் படித்தால் என்ன செய்வாள்? அவள்தான் இவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். மன்னிப்புக் கேட்கப் போய் எதிராளியின் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றிவைப்பது என்ன நியாயம்? அதிலும் அத்தனை நீளத்தில், அடுத்து எப்போது சந்திப்பது என்று ஒரு வரிகூட இல்லை.

எல்லாவற்றையும் அழித்தாள். ஆபீசில் எல்லோரும் பயன்படுத்தும் பழைய மாதிரி ஒன்று இருந்தது: ‘எதிர்பாராத, தவிர்க்க முடியாத காரணங்களால் நேர்ந்த அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். தங்களுக்கு வசதியான நேரத்தைத் தெரிவிக்கவும்.’ அதை ஒட்டிப் பார்த்தாள். லிஃப்ட் கதவில் மாட்டிய ‘பழுது’ பலகைபோல இருந்தது. வசதியான நேரத்தைத் தெரிவிக்கவும் என்றால், நாளைத் தேடும் வேலையும் அந்த நர்ஸுக்கே போகிறது. விடுமுறையைத் தொலைத்தவரே மறுபடி நேரமும் கண்டுபிடிக்க வேண்டும்.

எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். ஆபீஸ் காலண்டரில் தன்னுடைய நேரத்தைப் பார்த்தாள். மெக்கானிக்கை அழைத்துப் புதனும் வியாழனும் பிற்பகல் வர முடியுமா என்று உறுதிசெய்துகொண்டாள். அந்த மையத்தில் நோயாளிகளை மெஷினில் இணைக்கும் நேரமும் கழற்றும் நேரமும்தான் தலைபோகிற நேரம், நடுவில் நர்ஸுகள் சற்று மூச்சுவிடலாம் என்பது முன்பு போனபோது அவள் கவனித்தது. பிறகு உட்கார்ந்து எழுதினாள்.

*பொருள்: இன்றைய கூட்டத்துக்கு வராததற்கு மன்னிப்பு. புதன் அல்லது வியாழன் சந்திக்கலாமா?*

*வணக்கம்.*

*இன்று காலை பதினொரு மணிக் கூட்டத்துக்கு நான் வரவில்லை. வர முடியாது என்று தெரிவிக்கவும் இல்லை. இரண்டுக்கும் உங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கணவர் வீட்டில் விழுந்துவிட்டதால் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. அந்தப் பதற்றத்தில் தகவல் சொல்லத் தவறிவிட்டேன். தலைமை நர்ஸ் அவர்கள் தமது விடுமுறை நாளில் வந்து காத்திருந்தார் என்பதை உணர்கிறேன்.*

*புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, இரண்டாம் ஷிப்டு நோயாளிகளுக்கு மெஷின் ஓடத் தொடங்கியபின், நானும் எங்கள் மூத்த மெக்கானிக்கும் உங்கள் மையத்துக்கே வருகிறோம். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அது சரிப்படாவிட்டால் வியாழன் அதே நேரம். ஏதேனும் காரணத்தால் என்னால் வர இயலாமல் போனாலும் மெக்கானிக் வந்து கூட்டத்தை நடத்துவார். அவருடைய எண் கீழே உள்ளது.*

*மையம் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் கயிறு மாற்றலாம் என்பது எங்கள் யோசனை. நீங்கள் முன்கூட்டியே பார்க்க ஆய்வு அறிக்கையை இணைத்துள்ளேன். எந்த நாள் வசதி என்று நாளை மாலைக்குள் ஒரு வரி தெரிவித்தால் போதும்.*

இரண்டு முறை படித்தாள். ‘பதற்றத்தில்’ என்ற சொல்லில் கொஞ்சம் தயங்கினாள். அது சாக்குப்போலவும் இருந்தது, உண்மையாகவும் இருந்தது. விட்டுவிட்டாள். அறிக்கையை இணைத்துவிட்டோமா என்று மறுபடி சரிபார்த்து அனுப்பினாள். அதன்பின் அடுப்பைப் பற்றவைக்கத் தெம்பில்லாமல், மீந்திருந்த சோற்றில் மோரை ஊற்றிக் குடித்துவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் நண்பகலில் தலைமை நர்ஸிடமிருந்து பதில் வந்தது. ‘புதன் 2 மணி சரி. அறிக்கை பார்த்தேன்.’ அவ்வளவுதான். கணவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது அக்காவுக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது. சற்று நேரத்தில் உரிமையாளரும் எழுதினார்: ‘நானும் வருகிறேன். இந்தத் தடவையாவது வருவீர்களா?’ அதற்கு வருவேன் என்று மட்டும் பதில் போட்டாள்.

பேரனுக்குக் காய்ச்சல் விடவில்லை என்று உதவிக்கார அம்மாள் சொல்லிவிட்டார். புதன்கிழமை தையல்காரர் பொத்தான் தைக்கவேண்டிய சட்டைகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு மேலே வந்து கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு வேலைக்கு வேலையும் ஆச்சு, பேச்சுத் துணையும் ஆச்சு, நீங்க போயிட்டு வாங்கக்கா என்றார்.

மையத்துக்குச் சொன்ன நேரத்துக்கு முன்பே அவளும் மெக்கானிக்கும் போய்விட்டார்கள். லிஃப்ட் திறந்தபோது சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் வெளியே வந்தார். முழங்கையில் கட்டு, முகத்தில் சோர்வு. அவரைத் தள்ளிக்கொண்டு வந்த மனைவிக்கும் அதே சோர்வு. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

தலைமை நர்ஸ் அவளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். உட்காருங்க என்றார், சிரிக்கவில்லை. உரிமையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நேராக விஷயத்துக்கு வரலாம் என்றார். மெக்கானிக் தேய்ந்த கயிற்றின் படங்களைக் காட்டினார். ஞாயிறு காலையில் ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் முடியும், திங்கள் முதல் ஷிப்டு தொடங்கும் முன்னாலேயே ஒருவர் வந்து ஓட்டிப் பார்ப்பார், புதுக்கயிறு சில வாரத்தில் சற்று நீளும் என்பதால் இன்னொரு முறை வந்து இழுப்பைச் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்றார். மூடியிருந்தாலும் அவசரத்துக்கு மையத்தைத் திறப்பதுண்டு, ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன செய்வது, வேலையைப் பாதியில் நிறுத்தி லிஃப்ட்டை ஓட்ட முடியுமா என்று நர்ஸ் கேட்டார். கயிற்றைக் கழற்றிவிட்டால் வேலை முடியும்வரை அசைக்கவே முடியாது என்று மெக்கானிக் மழுப்பாமல் சொன்னார். அப்படியானால் அன்று அவசரம் என்றால் எந்த மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்று ஒவ்வொரு நோயாளியிடமும் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுவதாக நர்ஸ் முடிவுசெய்தார்.

எழுந்திருக்கும்போது உரிமையாளர் அக்காவைப் பார்த்துச் சொன்னார், “உங்க வீட்டுக் கஷ்டம் புரியுதும்மா. ஆனா இனிமே எனக்கு ரெண்டு பேர் நம்பர் வேணும். ஒருத்தர் வரலைன்னா இன்னொருத்தர். இல்லேன்னா இந்த வருஷத்தோட முடிச்சுக்கலாம்.” அவள் மானேஜரிடம் சொல்வதாக ஒப்புக்கொண்டாள். அவர் கேட்டதில் தப்பில்லை. இருந்தாலும் சுருக்கென்று இருந்தது.

உரிமையாளரும் மெக்கானிக்கும் லிஃப்ட் மோட்டார் இருக்கும் மேலறையைப் பார்க்கப் போனார்கள். நர்ஸ் அறைக்கதவைச் சாத்தினார்.

“எப்படி விழுந்தார் உங்க வீட்டுக்காரர்?”

அக்கா சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள், தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததையும் சேர்த்து. நர்ஸ் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு உங்க மேல ரொம்பக் கோபமா இருந்தேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன் என்றார். பிறகு இரண்டு நாற்காலிகளை நடுவில் இழுத்துப் போட்டுவிட்டு, சீருடையோடு தரையில் படுத்தார்.

“இதைப் பாத்துக்கோங்க. தூக்கவே தூக்காதீங்க, உங்க முதுகு போயிடும். முதல்ல எங்கயாவது அடிபட்டிருக்கான்னு பாருங்க. கடுமையா வலி இருந்தா அசைக்காதீங்க, தலையணை வெச்சு, போர்த்திவிட்டு, ஆளைக் கூப்பிடுங்க. ஒண்ணும் இல்லைன்னா மட்டும்தான் இது.” பக்கவாட்டில் திரும்பி, முழங்கையை ஊன்றி, மண்டியிட்டு, எதிரே இருந்த நாற்காலியில் கையை வைத்துக் காட்டினார். நல்ல காலை முன்னால் ஊன்றிக் கணவரே எழும்ப வேண்டும், இன்னொரு நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்காரவைக்க வேண்டியதுதான் அக்காவின் வேலை. எல்லோராலும் முடியாது, உங்கள் பிசியோதெரபிஸ்ட்டை ஒருமுறை கூடவே இருக்கவைத்துச் செய்துபாருங்கள் என்றார். போன் கழுத்தில் தொங்கட்டும், குளியலறையிலும்கூட, என்றும் சொன்னார்.

இன்னொரு முறை காட்டுவதற்காகப் படுத்தவர் உடனே எழவில்லை.

“இப்படியே கொஞ்சநேரம் கெடந்தா நல்லாத்தான் இருக்கு” என்றார் கூரையைப் பார்த்தபடி. “எழுந்தா அஞ்சு மெஷின் காத்துக்கிட்டிருக்கு.”

அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. வெளியே ஏதோ ஒரு மெஷின் கூவத் தொடங்கியதும் நர்ஸ் கையை நீட்டினார், அக்கா பிடித்து எழுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை கயிறு மாறியது. திங்கட்கிழமை முதல் ஷிப்டில் யாரும் எதையும் கவனிக்கவில்லை, லிஃப்ட் முன்னைவிடச் சத்தமில்லாமல் ஏறுகிறது என்று காவலாளி மட்டும் சொன்னார். உரிமையாளர் ஒப்பந்தத்தை நீட்டித்தார். ஆனால் அவளுடைய ஒவ்வொரு சந்திப்பு ஈமெயிலுக்கும் ‘வருவீர்கள்தானே?’ என்று ஒரு வரி சேர்த்துப் பதில் போடும் வழக்கத்தை அவர் விடவேயில்லை.

மானேஜர் இரண்டாவது ஆளாக ஓர் இளம்பெண்ணைப் போட்டார். திங்கட்கிழமை காலைகளில் அக்கா வீட்டிலிருக்க, அழைப்புகள் எல்லாம் அந்தப் பெண்ணுக்குப் போகும்படி மாற்றப்பட்டன. முதல் திங்கட்கிழமை லிஃப்ட் அக்காவுக்குக் கை உடைந்ததுபோல இருந்தது. கணவரைக் குளிக்கவைத்து, துடைத்து, சட்டை மாட்டி உட்காரவைத்தாள். போன் அடிக்கவில்லை. யாராவது எங்கேயாவது மாட்டிக்கொண்டிருப்பார்கள், அந்தப் பெண் அவர்களிடம் என்ன பேசுவாளோ என்று நினைத்தாள். பிறகு நாற்காலியிலேயே, கையில் ஈரத்துண்டோடு, அவளையறியாமல் தூங்கிப்போனாள். கணவர் அவளை எழுப்பவில்லை.